ஒரே வடிகால், 9 லட்சமும் 12.6 லட்சமும்: வார்டு குழுவுக்கு எந்த மதிப்பீட்டைக் கொண்டுபோவது?

வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் மக்கள் கூடும் ஏரியா சபாவில் அவர்கள் எழுதிக்கொடுத்த கோரிக்கைகள் வார்டு குழுவின் மேசைக்கு வரும்போது, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை இருக்க வேண்டும். தொகை இல்லாத பட்டியலை வைத்துக்கொண்டு எது முதலில், எது அடுத்த வருஷம் என்று யாராலும் பேச முடியாது. தமிழ்நாட்டில் முதல் ஏரியா சபாக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1 அன்று நடந்தன. அதற்குப் பிறகு பல வார்டுகளில் கோரிக்கைப் பதிவேடு ஒழுங்காகவே எழுதப்படுகிறது. சிக்கல் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. அந்தத் தொகையை யார், எப்படி, எவ்வளவு துல்லியமாகப் போடுவது?

மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. முதலாவது, பழைய வேலையை வைத்து ஒப்பிட்டுச் சொல்வது: "பக்கத்துத் தெருவில் போட்டார்களே, அதே அளவுதான் ஆகும்." இரண்டாவது, அலகு ரேட்: மீட்டருக்கு இவ்வளவு, சதுர மீட்டருக்கு இவ்வளவு, கம்பத்துக்கு இவ்வளவு என்று ஒரு அட்டவணை வைத்துக்கொண்டு, இடத்தில் அளந்து பெருக்குவது. மூன்றாவது முழு எஸ்டிமேட்: பொதுப்பணித்துறை விலைப்பட்டியலின்படி மண் வெட்டு, கான்கிரீட், கம்பி, சென்ட்ரிங் என்று ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு உதவிப் பொறியாளர் கையெழுத்திடுவது.

மூன்றையும் ஒரே வேலையில் போட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். வார்டுகளில் அதிகம் கேட்கப்படுவதும், அதிகம் தவறிப்போவதும் மழைநீர் வடிகால்தான். ஆகவே அதையே எடுத்துக்கொள்வோம். 100 மீட்டர் நீளத் தெரு, 22 வீடுகள், தெரு முனையில் ஒரு பிரதான வடிகால். உட்புறம் 45 செ.மீ. அகலமும் 60 செ.மீ. ஆழமும் கொண்ட, மூடியுள்ள கான்கிரீட் வடிகால் வேண்டும் என்பது கோரிக்கை. கீழே வரும் ரேட்டுகள் கணக்கைக் காட்டுவதற்காக முழு எண்ணாக வைத்தவை. உங்கள் ஊருக்கு உங்கள் ஊர் ரேட்டைத்தான் போட வேண்டும். திருவாரூர் பக்கம் பாறையே இல்லாததால் ஜல்லி வெகுதூரத்திலிருந்து லாரியில் வர வேண்டும். குவாரி பக்கத்திலேயே இருக்கும் ஊரின் ரேட் அங்கே செல்லாது.

முதல் வழியில் கணக்கு ஒரு நிமிடத்தில் முடியும். அடுத்த தெருவில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் 80 மீட்டர் வடிகால் 7.2 லட்சத்துக்குப் போட்டார்கள். மீட்டருக்கு 9,000 ரூபாய். 100 மீட்டருக்கு 9 லட்சம்.

இந்த எண்ணுக்கு ஒரு பலம் உண்டு. நடந்து முடிந்த வேலையிலிருந்து வந்தது என்பதால் கூட்டத்தில் யாரும் மறுக்க மாட்டார்கள். பலவீனம், அந்த 7.2 லட்சத்தில் எது சேர்ந்தது, எது சேரவில்லை என்பது சொன்னவருக்கே தெரியாது. மக்கள் நினைவில் நிற்பது பெரும்பாலும் காண்டிராக்டருக்கு விட்ட வேலையின் மதிப்புதான். அதன்மேல் போடும் ஜி.எஸ்.டி. தனி வரியில் இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. உள்ளாட்சி அமைப்புகளுக்குச் செய்யும் கட்டுமான ஒப்பந்த வேலைக்கு 2022 ஜூலை 18 முதல் 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக வரி உயர்ந்தது. அதற்கு முந்தைய வேலையை ஒப்பிட்டால் அந்த 6 சதவீதமும் காணாமல் போகும். இதோடு கட்டுமானத் தொழிலாளர் நலவரி 1 சதவீதம், எதிர்பாராச் செலவுக்கு 2.5 சதவீதம் என்று வைத்தால், வேலை மதிப்பின்மேல் மொத்தம் 21.5 சதவீதம் ஏறும்.

இரண்டாவது வழிக்கு முன்தயாரிப்பு வேண்டும். வார்டில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் பத்துப் பன்னிரண்டு வேலை வகைகளுக்குப் பொறியாளர் ஒருமுறை உட்கார்ந்து அலகு ரேட் அட்டவணை போட்டுத் தர வேண்டும். வடிகால் என்றால் அளவுக்கு ஒன்றாக மூன்று ரேட், பேவர் பிளாக் சாலை சதுர மீட்டருக்கு, தெருவிளக்கு கம்பத்தோடு ஒரு ரேட், கம்பம் ஏற்கெனவே இருந்தால் வேறு ரேட், இப்படி. நல்ல அட்டவணையில் ஒவ்வொரு ரேட்டுக்கும் கீழே "இதில் அடங்கியவை" என்று இரண்டு வரி இருக்கும். நம் வடிகாலுக்கு, வண்டல் தொட்டியும் வீட்டுக் குழாய் இணைப்பைச் சரிசெய்வதும் சராசரியாகச் சேர்த்து, மீட்டருக்கு 9,500 ரூபாய் என்று வைப்போம். 100 மீட்டருக்கு 9.5 லட்சம். 21.5 சதவீதம் சேர்த்தால் 11.54 லட்சம்.

மூன்றாவது வழியில் வேலையைப் பிரித்துப் போட வேண்டும். அடித்தளமும் சுவர்களும் 15 செ.மீ., மூடி 10 செ.மீ. என்று எடுத்தால், 100 மீட்டருக்குச் சுமார் 36.75 கன மீட்டர் கம்பிக் கான்கிரீட் வருகிறது. கன மீட்டருக்கு 80 கிலோ வீதம் கம்பி 2.94 டன். சென்ட்ரிங் சுமார் 300 சதுர மீட்டர். கான்கிரீட் கன மீட்டருக்கு 8,000, கம்பி கிலோவுக்கு 80, சென்ட்ரிங் சதுர மீட்டருக்கு 600 ரூபாய் என்று போட்டால் இந்த மூன்றும் சேர்ந்தே 7.09 லட்சம். மண் வெட்டுவது, அடியில் போடும் பி.சி.சி. என்னும் கம்பியில்லாக் கான்கிரீட், மிஞ்சிய மண்ணை அகற்றுவது எல்லாம் சேர்ந்து 1.05 லட்சம்தான். மக்கள் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் ஜே.சி.பி. வேலை மொத்தத்தில் சிறு பங்கு. ஆழத்தைக் குறைத்தால் செலவு குறையும் என்று கூட்டத்தில் யாராவது சொன்னால், சேமிப்பு மண் வெட்டில் வராது, சுவரில்தான் வரும் என்பதை இங்கிருந்து விளக்கிவிடலாம்.

ஆக 8.14 லட்சம். இதுவரை சமதளத்தில் கிடக்கும் வடிகாலின் கணக்கு. தண்ணீர் ஓட வேண்டுமானால் சாய்வு வேண்டும். 300-க்கு 1 என்ற சாய்வு வைத்தால் 100 மீட்டரில் வடிகாலின் தரை 33 செ.மீ. இறங்க வேண்டும். தெருவே 15 செ.மீ. இறக்கமாக இருந்தால், மீதி 18 செ.மீ. வடிகாலின் ஆழத்தில் சேரும். தொடக்கத்தில் 60 செ.மீ. ஆழமாக இருக்கும் வடிகால் முனையில் 78 செ.மீ. ஆகிவிடும். சராசரி ஆழம் 69. அந்த 9 செ.மீ. சுவருக்கும் வெட்டுக்கும் சுமார் 65,000 ரூபாய் கூடுதல்.

அடுத்து, தெருவில் ஏற்கெனவே இருப்பவை. 22 வீடுகளின் குடிநீர் இணைப்புக் குழாய்கள் வடிகாலின் குறுக்கே போகின்றன. ஒவ்வொன்றையும் அறுத்து, வளைத்து, மறுபடி சேர்க்க 2,500 ரூபாய் என்றால் 55,000. 20 மீட்டருக்கு ஒன்றாக ஐந்து வண்டல் தொட்டிகள், தலா 12,000 வீதம் 60,000. வெட்டிய சாலையோரத்தைத் திரும்பப் போட 50 சதுர மீட்டருக்கு 45,000. மூன்றும் சேர்ந்து 1.6 லட்சம். வேலை மதிப்பு 10.39 லட்சமாகிறது. ஜி.எஸ்.டி. 1.87 லட்சம், நலவரியும் எதிர்பாராச் செலவும் 36,000. மொத்தம் சுமார் 12.6 லட்சம்.

ஒரே தெரு, ஒரே வடிகால்: 9 லட்சம், 11.54 லட்சம், 12.6 லட்சம். முதல் எண்ணின்மேல் மூன்றாவது 40 சதவீதம் அதிகம். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே 10 சதவீதத்துக்கும் குறைவு. முடிவெடுப்பதற்கு இந்த இரண்டு இடைவெளிகள்தான் அடிப்படை.

முதல் வழியின் பிழை ஒரு வேலையில் தெரியாது. பட்டியலாகும்போதுதான் தெரியும். வார்டுக்கு மாமன்றம் 40 லட்சம் ஒதுக்கியிருக்கிறது என்று வைப்போம். பழைய வேலை ஒப்பீட்டில் வடிகால் 9, பேவர் பிளாக் சாலை 10, பூங்காக் கழிப்பறை 8, தொட்டியோடு ஆழ்துளைக் கிணறு 5, தெருவிளக்குகள் 4. மொத்தம் 36 லட்சம். ஐந்தும் உள்ளே வந்தன, 4 லட்சம் மிச்சம் என்று குழு தீர்மானம் போட்டுவிடும். விட்டுப்போன 21.5 சதவீதத்தை மட்டும் இந்த 36-ன்மேல் போட்டுப் பாருங்கள்: 43.7 லட்சம். வடிகாலின் சாய்வும் குழாய் மாற்றமும் இன்னும் இதில் வரவில்லை. எஸ்டிமேட் போட்டு நிர்வாக அனுமதிக்குப் போகும் கட்டத்தில் ஏதோ ஒரு வேலையை எடுத்தாக வேண்டும். அந்த முடிவு வார்டு குழுவில் நடக்காது, அலுவலகத்தில் நடக்கும். பெரும்பாலும் விழுவது, கேட்டவர்களுக்குக் குரல் குறைவான சிறிய வேலைதான். இந்தப் பட்டியலில் அது தெருவிளக்கு. நான்கு இருட்டுச் சந்துகளில் இருப்பவர்கள் கூட்டத்துக்கு வந்து, கை தூக்கி, தீர்மானத்தில் தங்கள் வேலையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அடுத்த ஏரியா சபாவுக்கு அவர்கள் வர மாட்டார்கள்.

அப்படியானால் எல்லாக் கோரிக்கைக்கும் முழு எஸ்டிமேட் போட்டுவிடலாமே என்று தோன்றும். நடைமுறையில் அது நடக்காது. ஒரு வடிகாலுக்கு லெவல் எடுத்து, அளந்து, வரைபடம் போட்டு, எஸ்டிமேட் தயாரிக்க இரண்டு மூன்று நாள் வேண்டும். ஒரு வார்டில் 25 கோரிக்கை வந்தால், ஒன்றுக்கு மேற்பட்ட வார்டுகளைப் பார்க்கும் உதவிப் பொறியாளர் தம் மற்ற வேலைகளை விட்டுவிட்டு இதையே இரண்டு மாதம் செய்ய வேண்டும். ஏரியா சபாக் கூட்டம் டிசம்பர் 10-ல் நடந்து, மாநகராட்சி பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில் போடப்படும் என்றால் நடுவில் இருக்கும் காலம் அதற்குப் போதாது. அவசரத்தில் என்ன ஆகும் என்றால், பழைய எஸ்டிமேட்டைக் காப்பி எடுத்துத் தெருப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள். பார்வைக்கு அது மூன்றாவது வழி, உள்ளே இருப்பது முதல் வழி. வரிசை வரிசையாக எண்கள் இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பதால் இது வாய்வழித் தொகையைவிட ஆபத்தானது.

காப்பி எஸ்டிமேட்டைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. நீளம் 100.00, 150.00 என்று முழு எண்ணாகவே இருக்கும். அளந்த தெருவில் 97.40, 112.60 என்று வரும். வீட்டு இணைப்பு எண்ணிக்கை தெருவில் இருக்கும் வீட்டு எண்ணிக்கையோடு ஒட்டாது. தொடக்க ஆழம், முடிவு ஆழம் என்று இரண்டு எண் இல்லாமல் ஒரே ஆழம் இருக்கும். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். சாய்வே இல்லாத வடிகாலுக்குத்தான் ஒரே ஆழம் இருக்க முடியும், அல்லது தெருவின் இறக்கமே அந்தச் சாய்வுக்குச் சரியாக அமைந்திருக்க வேண்டும்.

மூன்று வழிகளில் எது என்று கேட்டால் எங்கள் பரிந்துரை இரண்டாவதுதான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: இடத்தில் போய்ப் பார்த்த பிறகுதான் பெருக்க வேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்து மேப் பார்த்துப் போட்ட அலகு ரேட் தொகை முதல் வழியைவிடப் பெரிதாக மேம்பட்டதல்ல. மக்கள் தெரு நீளம் சொல்லும்போது முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை சொல்வார்கள். கடைசி வீட்டிலிருந்து பிரதான வடிகால் வரை இருக்கும் 15 மீட்டரை யாரும் எண்ண மாட்டார்கள். நம் கணக்குப்படி மீட்டருக்கு ஏறக்குறைய 12,600 ரூபாய் என்றால், அந்த 15 மீட்டர் மட்டுமே 1.9 லட்சம். அதை விட்டுவிட்டுக் கட்டினால் வடிகால் கடைசி வீட்டு வாசலில் போய் நின்றுவிடும்.

இடத்துக்குப் போகும்போது 30 மீட்டர் டேப்பும், ஒளிபுகும் லெவல் டியூபும், சுண்ணாம்பும் போதும். பொறியாளரோ பணி ஆய்வாளரோ ஒருவர், அந்த ஏரியா சபா உறுப்பினர் ஒருவர், தெருவாசி ஒருவர். ஒரு இடத்துக்கு அரை மணி நேரம் ஆகும். வடிகாலுக்கு முதலில் பார்க்க வேண்டியது தெருவையே அல்ல, தெரு முனையில் இருக்கும் பிரதான வடிகாலைத்தான். மூடியைத் திறந்து, கம்பை விட்டு, சாலை மட்டத்திலிருந்து அதன் தரை எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று அளக்க வேண்டும். வண்டல் படிந்திருந்தால் கம்பு வண்டலில் நிற்கும், கான்கிரீட் தட்டும் வரை அழுத்திப் பார்க்க வேண்டும். மூடி சாலை மட்டத்துக்கு மேலே நிற்கும் என்று வைத்தால், நம் எடுத்துக்காட்டில் புது வடிகாலின் முனை 78 செ.மீ. ஆழத்தில் வருகிறது. பிரதான வடிகாலின் தரை 85 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 7 செ.மீ. இறக்கம் கிடைக்கும், வேலை செய்யலாம். அது 70 செ.மீ. ஆழத்தில்தான் இருக்கிறது என்றால், கட்டி முடித்த அன்றே தண்ணீர் முனையில் தேங்கி நிற்கும். அப்போது கேள்வி இந்தத் தெருவின் 12.6 லட்சம் பற்றியது அல்ல, பிரதான வடிகாலைத் தாழ்த்துவது பற்றியது. வார்டு நிதியில் அது அடங்காது. அந்தக் கோரிக்கையை மண்டலத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அங்கேயே எழுதிவிடலாம். வாக்கெடுப்புக்கு முன்னால் இது தெரிவதற்கும் பின்னால் தெரிவதற்கும் இடையில் ஒரு வருஷம் இருக்கிறது.

தெருவின் இறக்கத்தை லெவல் டியூபால் பார்க்கலாம். டியூபில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளிலும் நீர்மட்டம் சாலையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து கழித்தால் இறக்கம் வரும். டியூப் நீளத்துக்கு ஏற்பப் பத்துப் பத்து மீட்டராகப் போய்க் கூட்டிக்கொள்ள வேண்டும். குமிழி இருந்தால் கணக்கு தப்பும், அதைத்தான் முதலில் தட்டி வெளியேற்ற வேண்டும். இந்த அளவு டெண்டருக்குப் போதாது, கருவி லெவல் பின்னால் எடுத்தே ஆக வேண்டும். ஆனால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைச் சொல்ல இது தாராளமாகப் போதும். தெருவாசி ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் கூட்டத்தில் அவரே அதைச் சொல்லிவிடுவார்.

முழு எஸ்டிமேட்டை முற்றிலும் கைவிடச் சொல்லவில்லை. அதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. 25 கோரிக்கைகளில் பாதி, இடத்தைப் பார்த்ததுமே தனியார் நிலம், வேறு துறைக்குரியது, ஏற்கெனவே ஒப்பந்தம் விட்டாயிற்று என்று விலகிவிடலாம். மீதிக்கு அலகு ரேட் தொகை. அவற்றில் முன்னுரிமை வரிசையில் மேலே வந்து, ஒதுக்கீட்டின் எல்லையைத் தொடும் இரண்டு மூன்று வேலைகளுக்கு மட்டும் வாக்கெடுப்புக்கு முன் முழு எஸ்டிமேட் போட்டால் போதும். எல்லைக்கு வெகு உள்ளே இருக்கும் வேலையின் தொகை 10 சதவீதம் மாறினாலும் முடிவு மாறாது. எல்லைக்கோட்டில் நிற்கும் வேலைக்கு அந்த 10 சதவீதம்தான் உள்ளே, வெளியே என்பதைத் தீர்மானிக்கிறது.

இதே காரணத்துக்காக ஒதுக்கீடு முழுவதையும் பங்கிடக் கூடாது. 40 லட்சம் இருந்தால் 35 லட்சத்துக்குத்தான் பட்டியலை நிரப்ப வேண்டும். மீதி 5 லட்சம் எதற்கு என்பதையும் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும்: மதிப்பீடு ஏறினால் அதற்கு, ஏறாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்கும் இன்ன வேலைக்கு. பெயர் சொல்லாமல் வைக்கும் கையிருப்பு, கடைசியில் யார் முதலில் கேட்கிறாரோ அவருக்குப் போய்விடும்.

ஒரு வேலைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்தால் இந்தச் சிரமமெல்லாம் குறையாதா என்றும் கேட்கலாம். புணே மாநகராட்சி 2006 முதல் மக்கள் பங்கேற்பு பட்ஜெட் நடத்துகிறது. அங்கே குடிமக்கள் பரிந்துரைக்கும் ஒரு வேலைக்கு 5 லட்சம் ரூபாய் என்ற வரம்பு வைத்தார்கள். நடைபாதை, பெஞ்சு, விளக்கு, பேருந்து நிழற்குடை போன்றவற்றுக்கு இது ஒத்துவரும், பணமும் பலருக்குப் பரவும். வடிகாலுக்கு ஒத்துவராது. நம் கணக்கின்படி 5 லட்சத்துக்குச் சுமார் 40 மீட்டர்தான் வரும். 40 மீட்டர் வடிகால் என்பது பிரதான வடிகாலைத் தொடாத ஒரு நீளத் தொட்டி. வரம்பு வைப்பதாக இருந்தால், பாதியில் நிறுத்தினால் பயன்படாத வேலைகளுக்கு அது பொருந்தாது என்று எழுதிவைக்க வேண்டும். அல்லது பிரதான வடிகால் பக்கத்திலிருந்து மேல்நோக்கிக் கட்ட வேண்டும் என்று நிபந்தனை போட வேண்டும். அப்படிக் கட்டினால் 40 மீட்டரும் அன்றைக்கே பயன்படும், அடுத்த வருஷம் மேலே நீட்டலாம்.

மூன்று வழிகளும் ஒன்றுபோல விட்டுவிடும் ஒரு செலவு உண்டு: கட்டிய பின் ஆகும் செலவு. பூங்காக் கழிப்பறையை 8 லட்சத்தில் கட்டலாம். சுத்தம் செய்பவருக்கு மாதம் 12,000, தண்ணீர், பினாயில், குழாய், பல்பு என்று 3,000 வைத்தால் வருஷத்துக்கு 1.8 லட்சம். ஐந்து வருஷத்தில் 9 லட்சம், கட்டிய செலவைத் தாண்டிவிடுகிறது. வார்டு ஒதுக்கீடு கட்டுவதற்கு மட்டும்தான், பராமரிப்பு மாநகராட்சியின் பொது நிதியிலிருந்து வர வேண்டும். நியூயார்க்கில் 2011 முதல் நடக்கும் பங்கேற்பு பட்ஜெட்டில், குறைந்தது 5 வருஷம் நிற்கும் கட்டுமானங்களுக்கு மட்டுமே மக்கள் வாக்களிக்க முடியும் என்பது விதி. ஆள் சம்பளம், பராமரிப்பு எதுவும் அதில் வராது. அங்கே விதியாகச் சொன்னது இங்கே யாரும் சொல்லாமலே நடக்கிறது. அதனால்தான் பூட்டுப் போட்ட கழிப்பறைகளை இத்தனை இடங்களில் பார்க்கிறோம். தொகைக்குப் பக்கத்தில் "வருஷச் செலவு" என்று இரண்டாவது கட்டம் ஒன்று கண்டிப்பாக வேண்டும். அதை யார் ஏற்கிறார்கள் என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் இல்லாத வேலையை வாக்கெடுப்புக்கு விடக் கூடாது. வடிகாலுக்கும் இது பொருந்தும்: மழைக்கு முன் வருஷம் ஒருமுறையாவது வண்டல் எடுக்க வேண்டும். அந்த ஐந்து தொட்டிகளை வைத்ததே அதற்குத்தான்.

இதையெல்லாம் குழு முன் எப்படிக் காட்டுவது? 40 ஸ்லைடு போட்டால் ஐந்தாவதுக்கு மேல் யாரும் எண்ணைப் பார்க்க மாட்டார்கள். ஒரு வேலைக்கு ஒரு தாள் போதும். அதையே திரையிலும் காட்டலாம், கையிலும் கொடுக்கலாம். நம் வடிகாலின் தாள் இப்படி இருக்கும்:

வேலை: தெருவுக்கு மூடிய மழைநீர் வடிகால், 45 × 60 செ.மீ.
கேட்டவர்கள்: ஏரியா சபா, டிசம்பர் 10 கூட்டம், பதிவேட்டில் வரிசை எண்
அளந்தது: 100 மீட்டர், பிரதான வடிகால் வரை, அளந்தவர்கள், தேதி
தண்ணீர் போகும் இடம்: பிரதான வடிகால், தரை ஆழம் 85 செ.மீ., நம் முனை 78 செ.மீ.
வேலை மதிப்பு: 9.5 லட்சம் (மீட்டருக்கு 9,500)
வரி, நலவரி, எதிர்பாராச் செலவு: 2.04 லட்சம்
மொத்தம்: 11.54 லட்சம், 10.5-லிருந்து 13.5 வரை போகலாம்
இதில் சேராதவை: மின்கேபிள் மாற்றம், ஆக்கிரமிப்பு அகற்றம்
வருஷச் செலவு: வண்டல் எடுத்தல், சுகாதாரப் பிரிவு
எந்த வருஷ விலைப்பட்டியல்:

இதில் கூட்டத்தின் போக்கை மாற்றும் வரிகள் இரண்டு. ஒன்று "10.5-லிருந்து 13.5 வரை". ஒரே எண்ணைக் காட்டினால் அது வாக்குறுதியாகிவிடும், 50,000 ஏறினாலும் "அன்றைக்கு 11.54 என்றீர்களே" என்ற பேச்சு வரும். வீச்சைக் காட்டினால் கேள்வி மாறும்: "13.5 ஆக ஏன் போகலாம்?" சாய்வு, குழாய் இணைப்பு, தண்ணீர் இறைப்பு என்று பதில் சொல்ல இடம் கிடைக்கும். மேல்பக்க வீச்சைக் கீழ்ப்பக்கத்தைவிட அகலமாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. தரைக்குக் கீழே போகும் வேலையில் எதிர்பாராமல் கிடைப்பது எப்போதும் கூடுதல் செலவுதான். தெருவிளக்கு போன்ற தரைக்கு மேலான வேலைக்கு இவ்வளவு அகலம் தேவையில்லை, இரு பக்கமும் 5 சதவீதம் போதும்.

மற்றது "சேராதவை". மின்கேபிளை மாற்ற மின்வாரியத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தால் அது அந்த வாரியத்தின் மதிப்பீட்டுப்படிதான் வரும், நம்மால் ஊகிக்க முடியாது. ஊகித்து ஒரு எண் போடுவதைவிடச் சேரவில்லை என்று எழுதுவது நல்லது. இந்த வரி காலியாக இருக்கும் தாளைக் குழு உறுப்பினர்கள் திருப்பி அனுப்பலாம். எதுவுமே விட்டுப்போகாத வேலை என்று ஒன்று கிடையாது.

கணக்குத் தெரிந்தவர் எல்லாக் குழுவிலும் இருக்க மாட்டார். அவர்களுக்குப் பட்டியலைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. ஒரே வகை வேலைகளை அடுத்தடுத்து வைத்து, மொத்தத் தொகையை மீட்டரால் வகுக்கச் சொல்லுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு வடிகால்களில் ஒன்று மீட்டருக்கு 11,500, மற்றது 16,000 என்று வந்தால் காரணம் இருக்க வேண்டும். பாறை, ஆழம், நிலத்தடி நீர், குறுகிய சந்தில் இயந்திரம் நுழையாமல் ஆள் வெட்டு, இவற்றில் ஒன்று காரணமாகச் சொல்லப்பட்டால் ஏற்கலாம். காரணமே சொல்ல முடியவில்லை என்றால் அந்த இடத்தைத் திரும்ப அளக்க வேண்டும். முழு எஸ்டிமேட் என்று வந்த இரண்டும் காசு மாறாமல் ஒரே எண்ணாக இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

தீர்மானம் போட்ட பிறகும் அந்தத் தாளைக் கோப்பில் போட்டுவிடாமல் மூன்று கட்டங்களைச் சேர்த்து வையுங்கள்: தொழில்நுட்ப அனுமதி பெற்ற தொகை, டெண்டரில் வந்த தொகை, எம்.புக் என்னும் அளவுப் பதிவேட்டின்படி கடைசியாகக் கொடுத்த தொகை. 11.54 என்று எழுதியது 12.6 ஆகி, டெண்டரில் 11.9-க்கு வந்து, 12.1-ல் முடிந்தது என்று நான்கு எண்ணும் ஒரே தாளில் இருந்தால், அடுத்த வருஷம் அலகு ரேட்டை 9,500-லிருந்து எவ்வளவு உயர்த்துவது என்பதற்கு வேறு ஆதாரம் தேட வேண்டியதில்லை. டெண்டரில் தொகை குறைந்து மிச்சமானால், அது கையிருப்போடு சேர்ந்து வரிசையில் அடுத்து நிற்கும் வேலைக்குப் போகுமா, பொது நிதிக்குத் திரும்புமா என்பதையும் வாக்கெடுப்பு நாளிலேயே தீர்மானத்தில் எழுதிவிட வேண்டும். டெண்டர் திறந்த பிறகு அந்தப் பேச்சை எடுத்தால், மிச்சப் பணத்துக்கு ஏற்கெனவே ஒரு வேலை தயாராக இருக்கும்.